காதுக்குள் பேசிய வேற்று மொழி

அந்த மருத்துவமனையில் அவரை எல்லோரும் "டைரக்டரி அக்கா" என்றுதான் கூப்பிடுவார்கள். இருநூற்றுப் பன்னிரண்டு உள் எண்கள் அவருக்கு மனப்பாடம். ஸ்கேன் எடுக்கும் அறை, ரத்த வங்கி, துணி துவைக்கும் இடம், பிணவறைக் காவலர் என்று எதைக் கேட்டாலும், கேட்டவர் வாயை மூடுவதற்குள் மணி அங்கே அடித்துக்கொண்டிருக்கும். டாக்டர்கள் தங்கள் எண்ணை மறந்துவிட்டு அவரிடமே கேட்பதுண்டு.

பிறவியிலிருந்தே அவருக்குப் பார்வை கிடையாது. பத்தொன்பது வருடமாகத் தரைத்தளத்தில், ஜன்னல் இல்லாத சின்ன அறையில், டெலிபோன் ஆபரேட்டர் வேலை. பழைய போர்டின் மேல் அவருக்குப் பெரிய பாசம் ஒன்றும் இருந்ததில்லை. பொத்தான்கள் சிக்கிக்கொள்ளும், மழை பெய்தால் லைனில் கரகர என்று சத்தம் வரும். அதைத் தூக்கிவிட்டுக் கம்ப்யூட்டரில் போன் பேசும் முறையைக் கொண்டுவரப் போகிறார்கள் என்றதும் முதலில் சந்தோஷப்பட்டவர் அவர்தான். கம்ப்யூட்டரில் திரையைப் படித்துச் சொல்லும் குரலை வைத்து வேலை செய்ய அவர் எப்போதோ பழகிவிட்டார்.

சிக்கல் கம்ப்யூட்டரில் வரவில்லை. காதில் மாட்டிக்கொள்ளக் கொடுத்த சாமானில் வந்தது.

நிர்வாகம் எங்கிருந்தோ மொத்தமாக முப்பது ஜோடி வயர்லெஸ் இயர்பட்ஸ் வாங்கியிருந்தது. உள்ளங்கைக்குள் அடங்கும் பெட்டி, அதற்குள் இரண்டு சின்னப் பொட்டு. காதில் வைத்ததும் ஒரு பெண் குரல் ஏதோ சொன்னது. என்ன மொழி என்றே தெரியவில்லை. பக்கத்து நாற்காலியில் இருந்த ஆபரேட்டரும் தன்னுடையதை மாட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். அவருக்குக் கீச்சு என்று பெயர். உற்சாகம் வந்தால் குரல் கீச்சென்று மேலே போய்விடும், அதனால்.

"என்னக்கா இது, காதுக்குள்ள யாரோ திட்டறாங்க!"

"திட்டறாளோ, கும்பிடறாளோ! புரிஞ்சாத்தானே?"

கீச்சுவுக்கு அது புரியாவிட்டாலும் ஒன்றும் ஆகாது. பெட்டியில் விளக்கு எரியும், திரையில் சார்ஜ் எவ்வளவு என்று படம் தெரியும். அவருக்குக் கண் இருக்கிறது. அக்காவுக்கோ அந்தக் குரல் ஒன்றுதான் விளக்கு.

திங்கள்கிழமை மதியம் சோதனை வைத்தார்கள். இரண்டு மணி நேரம் அக்கா தனியாகப் புதிய முறையில் அழைப்புகளை எடுக்க வேண்டும். பின்னால் நாற்காலி போட்டு நிர்வாகி மேடம் உட்கார்ந்திருந்தார். அக்கா வலது காதில் மட்டும் ஒன்றை மாட்டிக்கொண்டார். இடது காது, மேசை மேல் இருந்த சின்ன ஸ்பீக்கரில் கம்ப்யூட்டர் படிப்பதைக் கேட்க வேண்டும். முதல் அரை மணி நேரம் வெண்ணெயில் கத்தி இறங்குவது போலப் போயிற்று.

பிறகு ஒரு அழைப்பு வந்தது. ஆண் குரல், பதற்றம். குழந்தைக்கு வலிப்பு என்றார். அக்கா காதோரம் விழுந்த முடியை ஒதுக்கியபடியே, "ஐயா, லைன்லயே இருங்க, எமர்ஜென்சிக்குக் குடுக்கறேன்" என்று சொன்னார். நடுவில் அந்தப் பெண் குரல் என்னவோ ஒரு வார்த்தை சொன்னது. அக்கா பொருட்படுத்தவில்லை.

"ஹலோ? ஹலோ? யாராவது இருக்கீங்களா?" என்றார் அந்த மனிதர்.

"இருக்கேன் ஐயா, நான் பேசறது கேக்கலையா?"

"ஹலோ! அட, ஹலோ!"

அழைப்பு அறுந்தது. அக்கா முடியை ஒதுக்கியபோது விரல் இயர்பட் மேல் பட்டிருந்தது. பேசிக்கொண்டிருக்கும்போது ஒரு தட்டு தட்டினால் மைக் அணைந்துவிடும். அணைந்தது இயர்பட்டில்தான் என்பதால் கம்ப்யூட்டருக்கு அது தெரியாது. கம்ப்யூட்டரைப் பொறுத்தவரை எல்லாம் சரி. "மைக் அணைந்தது" என்று சொன்ன ஒரே ஆள் காதுக்குள் இருந்த அந்தப் பெண்தான். அவள் சொன்னது அக்காவுக்குப் புரியவில்லை.

அரை மணி கழித்து அதே குரல் வேறு ஏதோ இரண்டு முறை சொன்னது. மூன்றாவது நிமிடம் இயர்பட் செத்துப்போயிற்று. அப்போதும் ஒருவர் லைனில் இருந்தார்.

சோதனையை மேடம் அதோடு நிறுத்திவிட்டார். கோபப்படவில்லை. அதுதான் அக்காவை அதிகம் பயமுறுத்தியது.

"அந்தக் குழந்தையோட அப்பா மறுபடி கூப்பிட்டாரு. கீச்சு எடுத்துக் குடுத்துட்டாங்க, குழந்தை நல்லாத்தான் இருக்கு," என்றார் மேடம். "ஆனா இது ஆஸ்பத்திரிம்மா. உங்களை நான் குறை சொல்லல. புதன்கிழமை ரெண்டு மணிக்கு இன்னொரு தடவை பார்ப்போம். சரியா வரலைன்னா கோப்பு அறைக்கு மாத்திடலாம். சம்பளத்துல ஒண்ணும் குறையாது."

கோப்பு அறை என்றால் என்ன என்று அக்காவுக்குத் தெரியும். பழைய காகிதங்கள் அடுக்கிய அறை. பார்வை இல்லாத ஒருவருக்கு அங்கே செய்ய வேலை என்று எதுவும் கிடையாது. காலையில் கையெழுத்து, மாலையில் கையெழுத்து. நடுவில் எட்டு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும்.

செவ்வாய்க்கிழமை கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் சிஸ்டம்காரரிடம் போய்க் கேட்டார். ஐம்பதை நெருங்கும் மனிதர், எப்போதும் அவசரம்.

"ஏங்க, இந்தக் குரலோட மொழியை மாத்த முடியாதா?"

"அது தயாரிக்கும்போதே அந்த ஊரு மொழியைப் போட்டு அனுப்பிட்டாங்கம்மா. வேற நாட்டுல விக்கறதுக்குச் செஞ்ச சரக்கு. இருக்கறதே நாலஞ்சு வார்த்தை. மனப்பாடம் பண்ணிடுங்களேன், உங்களுக்கு இல்லாத ஞாபக சக்தியா?"

அக்கா அதையும் செய்து பார்த்தார். தட்டினார், கேட்டார். மறுபடி தட்டினார், கேட்டார். மைக் அணைவதற்குச் சொல்லும் வாக்கியமும் திறப்பதற்குச் சொல்லும் வாக்கியமும் ஒரே மாதிரி ஆரம்பித்து, ஒரே மாதிரி இழுத்து, கடைசியில் ஒரு மூச்சு அளவுக்குத்தான் மாறின. எதிரே ஒருவர் உயிருக்குத் துடித்துக்கொண்டு பேசும்போது அந்த ஒரு மூச்சைப் பிடிக்க முடியுமா? சார்ஜ் குறைந்தால் என்ன சொல்லும் என்பதை முழுவதும் தீரும்வரை காத்திருந்தால்தான் கேட்கவே முடியும். சாமானோ ஆபீஸ் சொத்து. சாயங்காலம் ஆனால் மேடத்தின் மேசை டிராயருக்குப் போய்விடும். பழைய போர்டின் ஒயர் ஹெட்செட்டைக் கேட்டார். அதன் முனை கம்ப்யூட்டரில் நுழையவே இல்லை.

அன்று மாலை பஸ்ஸில் திரும்பும்போது, அக்கா தன் போனில் ஒரு குழுவுக்குக் குரல் செய்தி அனுப்பினார். வேலை பார்க்கும் பார்வையில்லாதவர்கள் இருநூறு பேர் கொண்ட குழு அது. யார் வீட்டு மிக்ஸி ரிப்பேர் ஆனாலும் அங்கே ஒரு பஞ்சாயத்து நடக்கும். பெட்டியின் மேல் தடவித் தெரிந்துகொண்ட கம்பெனி எழுத்துகளைச் சொல்லி, மொழியை மாற்ற வழி உண்டா என்று கேட்டார்.

பதில் புதன்கிழமை காலைதான் வந்தது. வேலைக்குக் கொண்டுவிடும் கணவர் ஒரு பள்ளிக்கூட வேன் ஓட்டுநர். பிள்ளைகளை ஏற்றப் போவதற்கு முன்னால் அக்காவை ஆஸ்பத்திரி வாசலில் இறக்கிவிடுவார். அந்த வேனின் முன் சீட்டில் உட்கார்ந்தபடி கேட்டார்.

குரல் செய்தியில் பேசியவர், அந்தக் குழுவில் இருந்த ஒரு வங்கி ஊழியர். "அம்மா, மாத்தலாம். அந்தக் கம்பெனிக்குன்னு ஒரு ஆப் இருக்கு, அதை உங்க போன்ல போடணும். இயர்பட்ஸை முதல்ல போனோட சேருங்க. அப்புறம் ஆப்புக்குள்ள செட்டிங்ஸ், அதுல குரல் அறிவிப்பு, அதுல மொழி. ஆனா அந்த ஆப்பைச் செஞ்ச புண்ணியவான் மேல இருக்கற பட்டனுக்கு எல்லாம் பேரே வைக்கல. நம்ம குரல் வெறுமனே 'பட்டன், பட்டன்'னுதான் சொல்லும். எண்ணிட்டுப் போங்க. மேல மூணாவது பட்டன்தான் செட்டிங்ஸ். ரெண்டாவதைத் தட்டிடாதீங்க, சேர்த்து வச்சதையே அழிச்சிடும். இன்னொண்ணு, கம்ப்யூட்டரோட இருக்கற இணைப்பை எடுத்துடுங்க. போன் மட்டும்தான் இருக்கணும். தமிழ் கிடையாதும்மா. இங்கிலீஷ் இருக்கு."

"இதை மாத்திட்டா வேலை போகாதா?" என்று கேட்டார் கணவர்.

"போகாதுன்னு யாரு சொன்னா? மாத்தலைன்னா போயிடும். அவ்வளவுதான் தெரியும்."

"நான் வேணா வந்து நிக்கட்டுமா?"

"நீங்க வந்து நின்னா, பக்கத்துல ஆளு இல்லாம இவளால முடியாதுன்னு எழுதிடுவாங்க. நீங்க பிள்ளைங்களைக் கொண்டு விடுங்க."

 வாசல் வந்ததும் அவர் வழக்கத்தைவிட மெதுவாக பிரேக் போட்டார்.

காலை முழுக்க அக்காவுக்கு நேரம் கிடைக்கவில்லை. மேடம் டிராயரைத் திறந்து இயர்பட்ஸைக் கொடுத்தபோதே மணி ஒன்று. இரண்டு மணிக்குச் சோதனை. கையில் இருந்தது ஒரு மணி நேரம்.

கீச்சு தன் போர்டில் அழைப்புகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அக்கா, குடுங்க, நான் ரெண்டு நிமிஷத்துல மாத்தித் தர்றேன்."

"வேண்டாம்மா. நாளைக்கு வேற ஒண்ணு குடுப்பாங்க, அப்பவும் இதே கதைதான். நான் பண்றேன். சாப்பாட்டை மட்டும் மூடி வை."

ஆப்பை ஏற்கெனவே காலையிலேயே இறக்கி வைத்திருந்தார். கம்ப்யூட்டரின் ப்ளூடூத்தை அணைத்தார். பெட்டியைத் திறந்து, இயர்பட்ஸைப் போனோடு சேர்த்து, இரண்டையும் காதில் மாட்டினார். போனின் படிக்கும் குரல் இப்போது காதுக்குள்ளேயே வந்தது. ஆப் ஒவ்வொன்றாக அனுமதி கேட்டது. கொடுத்தார். இடது எழுபத்தொன்று, வலது அறுபத்தெட்டு என்று சார்ஜைச் சொன்னது. விரலை வலப்பக்கமாகத் தள்ளினார்.

"பட்டன்."

தள்ளினார். "பட்டன்."

இது இரண்டாவது. விரல் அந்த இடத்திலேயே ஒரு கணம் நின்றது. இன்னும் ஒரு முறை தள்ளினார். "பட்டன்." இரண்டு முறை தட்டினார். செட்டிங்ஸ் திறந்தது. மூச்சு விட்டார்.

குரல் அறிவிப்பு. மொழி. பட்டியலில் ஒன்பது மொழிகள். மூன்றாவதைப் படிக்கும்போது "தேர்ந்தெடுக்கப்பட்டது" என்று சேர்த்துச் சொன்னது. இவள்தான் நம்மைப் படாத பாடு படுத்தியவள் என்று நினைத்துக்கொண்டார். ஆங்கிலத்துக்குப் போய்த் தட்டினார். நீளமாக ஒரு எச்சரிக்கை ஆரம்பித்தது. மொழித் தொகுப்பை இறக்கி அனுப்ப இருபது நிமிடம் ஆகும், இயர்பட்ஸைப் பெட்டியில் போடாதீர்கள்... மணி ஒன்று பத்து. மீதியைக் கேட்கப் பொறுமை இல்லை. "சரி" என்பதைத் தேடித் தட்டிவிட்டார்.

தவறு அங்கேதான் நடந்தது.

அனுப்ப ஆரம்பித்தது. எத்தனை சதவீதம் என்று தெரிய திரையைத் தொட வேண்டும். தொட்டார். நான்கு. மறுபடி தொட்டார். ஒன்பது. கை சும்மா இருக்கவில்லை. பதினைந்து. பதினாறு. பதினாறு. இன்னும் பதினாறுதானா? மறுபடி தொட்டார். இருபத்திரண்டு. குரல் காதில் திக்கித் திக்கி வந்தது. ஒன்று இருபத்திமூன்றுக்கு ஒரு மணி ஓசை கேட்டது.

"அனுப்ப முடியவில்லை."

 கெட்டுவிட்டதா? அவசரமாக ஒரு இயர்பட்டைப் பெட்டியில் போட்டு எடுத்தார். அந்தப் பெண் பழைய மொழியிலேயே ஏதோ சொன்னாள். சாமான் கெடவில்லை. மாறவும் இல்லை. இருந்த இடத்திலேயே இருந்தது.

"என்னாச்சுக்கா?" என்றார் கீச்சு.

"அவசரக்காரிக்குப் புத்தி மட்டுன்னு ஆச்சு."

இந்த முறை எச்சரிக்கையை ஆரம்பத்திலிருந்து கடைசிவரை கேட்டார். பெட்டியில் போடாதீர்கள். வேறு கருவியோடு இணைக்காதீர்கள். அடுத்த வரி: அனுப்பும்போது ஒலி எதையும் இயக்காதீர்கள். போனின் திரை அணைந்தாலும் அனுப்புவது தொடரும்.

ஒலி. போனின் படிக்கும் குரலும் ஒலிதானே. நூறு முறை தொட்டுத் தொட்டு, தானே தன் வழியை மறித்திருக்கிறார். எவ்வளவு முடிந்தது என்று தெரிய வேண்டுமானால் அந்தக் குரல் பேச வேண்டும். அது பேசினால் வேலை கெடும்.

இதில் இன்னொன்றும் இருந்தது. நடுவில் யாராவது அவருடைய போனுக்குக் கூப்பிட்டாலும் மணி காதுக்குள்தான் அடிக்கும். ஒன்றரை மணிக்கு அவருடைய வேன்காரக் கணவர் கூப்பிடாத நாள் கிடையாது. அக்கா போனை ஏரோப்ளேன் மோடில் வைத்தார். பிறகு ப்ளூடூத்தையும் வைஃபையையும் மட்டும் திரும்பத் திறந்தார். மொழித் தொகுப்பை இறக்க வைஃபை வேண்டும், அனுப்ப ப்ளூடூத் வேண்டும். மற்ற எந்த அழைப்பும் உள்ளே வராது.

ஆங்கிலத்தைத் தட்டினார். "சரி" தட்டினார். உடனே போனின் பக்கவாட்டில் இருந்த ஒலி பொத்தான்கள் இரண்டையும் சேர்த்து அழுத்திப் பிடித்தார். படிக்கும் குரல் தன்னை அணைத்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டு அடங்கியது.

இப்போது கையில் இருந்தது வெறும் கண்ணாடி. தொட்டாலும் பேசாது. தவறி விரல் பட்டால் எதை அழுத்தினோம் என்றும் தெரியாது. திரை தெரிகிறவர்களுக்கு இது ஒரு பொருட்டே இல்லை. அக்காவுக்கோ பாதித் தெருவில் கைத்தடியைத் தூக்கி எறிந்தது போல இருந்தது. போனைக் குப்புறக் கவிழ்த்து, மேசையின் தள்ளிய மூலையில் வைத்தார்.

"கீச்சு, இப்ப மணி என்ன?"

"ஒண்ணு முப்பத்திரண்டு."

"இதைத் தொடாத. யாரையும் தொட விடாத. முடிஞ்சா அவளே பேசுவா. முடியலைன்னா பேச மாட்டா."

காதில் நிசப்தம். இரண்டு காதும் அடைத்திருந்ததால் அறையின் சத்தமும் பஞ்சு வழியே கேட்பது போலக் கேட்டது. கீச்சு தூரத்தில் யாருக்கோ வழி சொல்லிக்கொண்டிருந்தார். அக்கா கைகளை மடியில் வைத்துக்கொண்டார். பிறகு மடியிலிருந்து எடுத்து நாற்காலிப் பிடியில் வைத்தார். பிறகு அவற்றின் மேலேயே உட்கார்ந்துகொண்டார், தொட்டுவிடுமோ என்று பயந்து.

"மணி?"

"ஒண்ணு நாப்பத்தி நாலு. பேசலையாக்கா?"

"பேசல."

ஒன்று ஐம்பதுக்குக் கதவு திறந்தது. நடையை வைத்தே யார் என்று தெரிந்துவிட்டது. மேடம் பத்து நிமிடம் முன்னதாக வந்துவிட்டார். கூடவே சிஸ்டம்காரர்.

"ரெடியாம்மா? சீக்கிரமே ஆரம்பிச்சிடலாம். எனக்கு நாலு மணிக்கு வேற மீட்டிங்."

"இன்னும் கொஞ்ச நேரம் மேடம். மொழி மாத்திட்டு இருக்கேன். நடுவுல நிறுத்தக்கூடாது."

"மொழியா?" என்றார் சிஸ்டம்காரர். "அதான் முடியாதுன்னு சொன்னேனே?"

"சொன்னீங்க."

"எங்க, எவ்வளவு ஆயிருக்குன்னு பார்ப்போம்," என்று அவர் மேசையை நோக்கி நடந்தார். செருப்புச் சத்தம் போன் இருந்த மூலைக்குப் போனது.

"தொடாதீங்க!"

அந்த அறையில் பத்தொன்பது வருடத்தில் அக்கா இவ்வளவு சத்தமாகப் பேசி யாரும் கேட்டதில்லை. சிஸ்டம்காரர் அப்படியே நின்றார்.  கீச்சு எழுந்து வந்து மேசை மூலைக்கும் அவருக்கும் நடுவில் நின்றுகொண்டார். அதைச் செய்ய யாரும் சொல்லவில்லை.

அக்கா குரலைத் தாழ்த்தினார். "மன்னிச்சிடுங்க. ஒரு தடவை தோத்துட்டேன். நேரம் இருக்கறது இந்த ஒரு தடவைக்குத்தான். ரெண்டு மணிக்குள்ள முடியலைன்னா இருக்கறதை வச்சே உக்கார்றேன்."

மேடம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "ரெண்டு மணிக்குத்தானே நேரம். இருக்கட்டும்."

இருபது நிமிடம் தாண்டிவிட்டது. அக்காவுக்கு அது நன்றாகத் தெரிந்தது. ஒருவேளை முன்பே தோற்றுப்போய், "அனுப்ப முடியவில்லை" என்று திரையில் எழுதிக்கொண்டு சும்மா கிடக்கிறதோ? படிக்கும் குரல் அணைந்து கிடக்கிறது, தோற்றாலும் யார் சொல்வது? எடுத்துப் பார்க்கலாமா? கை தொடைக்கு அடியிலிருந்து ஒரு விரற்கடை வெளியே வந்தது. மறுபடி உள்ளே போனது.

"மணி?"

"ஒண்ணு அம்பத்தாறு," என்றார் கீச்சு. அவர் குரலே இறங்கிப் போயிருந்தது.

காதில் ஒரு சின்ன 'டிக்'. இருந்த மெல்லிய இரைச்சலும் அறுந்து, உண்மையான நிசப்தம் வந்தது. இயர்பட்ஸ் அணைந்துவிட்டன. அக்கா மனதுக்குள் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று எண்ணினார்.

"பவர் ஆன்," என்றது ஒரு குரல் ஆங்கிலத்தில். "கனெக்டட்."

அக்கா இரண்டு கைகளாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார். கீச்சு, "என்னக்கா, என்னக்கா?" என்று பதறினார்.

"புரியுதுடி," என்றார் அக்கா. "புரியுது."

படிக்கும் குரலைத் திரும்பப் போட்டார். இடது இயர்பட்டை எடுத்துப் பெட்டியில் வைத்தார், அது சார்ஜ் ஏறட்டும் என்று. போனின் இணைப்பைத் துண்டித்துக் கம்ப்யூட்டரோடு சேர்த்தார். "கனெக்டட்" என்று வலது காதில் மறுபடி கேட்டது. மணி இரண்டு. முதல் அழைப்பு வந்தது.

முதல் ஒரு மணி நேரம் யாரும் குறை சொல்ல இடமில்லை. மூன்று மணி வாக்கில், ரத்தப் பரிசோதனை முடிவைக் கேட்டு ஒரு முதியவர் பேசிக்கொண்டிருந்தார். அக்காவின் தோளில் கிடந்த துணி நழுவியது. அதை இழுத்துவிட்டபோது காதில் உரசியது.

"மைக்ரோஃபோன் ஆஃப்."

அக்காவின் விரல் உடனே போய்த் தட்டியது. "மைக்ரோஃபோன் ஆன்."

"அம்மா, இருக்கீங்களா?"

"இருக்கேன் ஐயா. இதோ லேப்புக்குக் குடுக்கறேன்."

மேடத்துக்கு நடந்தது எதுவும் தெரியாது. 

மூன்று முப்பத்தைந்துக்கு வந்த அழைப்பில் ஒரு பெண் அழுதுகொண்டே பேசினார். கணவர் குளியலறையில் விழுந்துவிட்டார், மூச்சு இழுக்கிறது, ஆம்புலன்ஸ் எங்கே என்று கேட்டார். அந்தச் சமயம் பார்த்து காதுக்குள் குரல் சொன்னது.

"பேட்டரி லோ."

திங்கள்கிழமை இரண்டு முறை சொல்லிவிட்டுச் செத்துப்போனது இதுதான். அக்கா பேச்சை நிறுத்தவில்லை. "அம்மா, வீட்டு விலாசம் சொல்லுங்க, நான் கேட்டுட்டே இருக்கேன்." இடது கை பெட்டியைத் திறந்து, உள்ளே இருந்ததை எடுத்து இடது காதில் வைத்தது. ஒரு நொடியில் அதிலும் அழைத்த பெண்ணின் குரல் கேட்டது. பிறகுதான் வலது காதில் இருந்ததை எடுத்துப் பெட்டியில் போட்டார். அவர் விலாசம் சொல்லும் குரல் நடுவில் அறுபடவே இல்லை. ஸ்பீக்கரின் சத்தத்தைக் கூட்டி, நாற்காலியைத் திருப்பி, வலது காதை அதன் பக்கம் கொண்டுபோனார். நூற்றி நாலு என்ற உள் எண்ணை அடித்தார். எமர்ஜென்சியில் இரண்டாவது மணியிலேயே எடுத்தார்கள். அவர்களும் அந்தப் பெண்ணும் பேசத் தொடங்கும்வரை அக்கா லைனில் இருந்தார். ஆம்புலன்ஸ் கிளம்பிவிட்டது என்று காதால் கேட்ட பிறகுதான் விலகினார்.

 மேடம் கேட்டார். "நடுவுல எதுக்கு அந்தக் காதுல இருந்து இந்தக் காதுக்கு மாத்துனீங்க?"

"பேட்டரி தீரப்போகுதுன்னு சொல்லுச்சு மேடம்."

"சொல்லுமா?" மேடம் சிஸ்டம்காரர் பக்கம் திரும்பினார். "எங்களுக்கும் இது ஏதோ பேசிட்டே இருக்கு. நான் அதைக் காதுலயே வாங்கல."

சிஸ்டம்காரர் தொண்டையைக் கனைத்தார். "மொத்தம் முப்பது ஜோடி இருக்கு மேடம். எல்லாத்தையும் மாத்தணும்னா..." பிறகு அக்காவின் பக்கம் திரும்பி, "எந்தப் பட்டன்ல மாத்துனீங்க?"

"மூணாவது. ரெண்டாவதைத் தட்டிடாதீங்க."

மேடம் மீட்டிங்குக்குக் கிளம்பினார். கதவருகே நின்று, "நாளைக்கும் இந்த நாற்காலிதான்மா. ஒரு மாசம் பார்த்துட்டு நிரந்தரமா ஆர்டர் போட்டுடறேன்," என்றார். அவர் போன பிறகு, மூடி வைத்த சாப்பாட்டைக் கீச்சு எடுத்துக் கொடுத்தார். அக்கா மூடியைத் திறக்கப் பார்த்தார். மூடி கையிலிருந்து நழுவித் தரையில் விழுந்து உருண்டது. இரண்டு பேரும் சிரித்தார்கள். பிறகு அக்கா கொஞ்சம் அழுதார். கீச்சு அதைக் கவனிக்காதது போல ஒரு அழைப்பை எடுத்தார்.

ஏரோப்ளேன் மோடை எடுத்ததும் போனில் வேன்காரரின் தவறிய அழைப்புகள் பதினொன்று என்று செய்தி வந்தது. கூப்பிட்டார்.

"என்னம்மா, போன் ஏன் போகல? நான் வேனைத் திருப்பிட்டு ஆஸ்பத்திரி கேட்டுக்கே வந்துட்டேன். உள்ள வந்தா நீ திட்டுவேன்னு இங்கயே நிக்கறேன். என்னாச்சு?"

"அங்கயே நில்லுங்க. அஞ்சு மணிக்கு வர்றேன்."

"வேலை?"

"இருக்கு."

மறுமுனையில் வேன் இன்ஜினை அணைக்கும் சத்தம் கேட்டது.

ஒரு மாதம் கழித்து ஆர்டர் வந்தது. காகிதத்தில் அச்சடித்து, உறையில் போட்டு, பியூன் கொண்டுவந்து மேசையில் வைத்தார். கீச்சு கீச்சென்று கத்திக்கொண்டே அதைப் பிரித்தார்.

"படிக்கட்டுமாக்கா?"

"வேண்டாம். அதை மெயில்ல அனுப்பச் சொல்லு," என்றார் டைரக்டரி அக்கா. "நானே படிச்சுக்கறேன்."